1 மணி 48 நிமிட பிளவுஸ் பாடம்: ஆறாவது நிமிடத்தில் ஆட்கள் போகிறார்கள். டிஸ்கிரிப்ஷனை மாற்றுவதா, சாப்டர் வரிசையை மாற்றுவதா?

முதுநகர் தையல்

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் முதுநகரில் தையல் வகுப்பு நடத்துகிறேன். நேரில் வர முடியாதவர்களுக்காக லைனிங் பிளவுஸ் வெட்டுவதிலிருந்து ஹூக் வைப்பது வரை ஒரே வீடியோவாக யூடியூபில் போட்டிருக்கிறேன். மொத்தம் 1 மணி 48 நிமிடம். பார்வைகள் பரவாயில்லாமல் வருகின்றன. ஆனால் ஸ்டுடியோவில் ரிடென்ஷன் கிராஃபைப் பார்த்தால் சில இடங்களில் கோடு சட்டென்று விழுகிறது.

டிஸ்கிரிப்ஷனின் முதல் வரிகள் இவை: "அளவு பிளவுஸ் ஒன்று இருந்தால் போதும், லைனிங் பிளவுஸ் நீங்களே வெட்டித் தைக்கலாம். முதல்முறை தைப்பவர்களுக்கும் புரியும் முழுப் பாடம்."

சாப்டர்கள்:

```
0:00 வணக்கம், தேவையான பொருட்கள்
6:10 அளவுகள்
24:40 பேப்பர் டிராஃப்ட், பின்பக்கம்
41:00 முன்பக்கம், டார்ட்
55:30 துணி வெட்டுதல்
1:07:00 லைனிங் இணைத்தல்
1:21:20 கை ஏற்றுதல்
1:33:00 கழுத்து, பைப்பிங்
1:42:30 பட்டி, ஹூக்
```

30வது வினாடியில் 68 சதவீதம் பேர் இருக்கிறார்கள். 6வது நிமிடத்தில் 47. எட்டாவது நிமிடத்துக்குள் 33 ஆகிவிடுகிறது. 19வது நிமிடத்தில் 24, ஆனால் 20இல் 29க்கு ஏறுகிறது. பிறகு மெதுவாக இறங்கி 1:07:00இல் 17. கை ஏற்றும் இடத்தில் திடீரென 31. அங்கிருந்து ஐந்தே நிமிடத்தில் 20. பைப்பிங் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் 12க்குக் கீழே போய்விடுகிறது.

கை ஏற்றுவதுதான் எல்லோருக்கும் வேண்டியது என்றால் அதை முன்னால் கொண்டுவந்து மறுபடி ஏற்றலாமா? இல்லை, டிஸ்கிரிப்ஷனை மட்டும் மாற்றினால் போதுமா?

வில்லியனூர் மணி

அக்கா, முதல் ஆறு நிமிடம் கத்தரிக்கோல், டேப், சாக்பீஸ் என்று காட்டிக்கொண்டிருந்தால் யார் உட்கார்ந்திருப்பார்கள்? 30 வினாடியிலேயே 32 சதவீதம் போய்விட்டார்கள், அங்கேயே கதை முடிந்தது. அந்த இன்ட்ரோவை வெட்டுங்கள். அப்புறம் டிஸ்கிரிப்ஷனை எவரும் படிப்பதில்லை. போனில் அதைத் தட்டித் திறந்தால்தானே தெரியும்? தலைப்பும் தம்ப்நெயிலும்தான் வாக்குறுதி. என்னைக் கேட்டால் ஒன்பது சாப்டரையும் ஒன்பது வீடியோவாகப் போட்டுவிடுங்கள்.

பண்ருட்டி தோட்டம்

எனக்கும் இதே பிரச்சினைதான். முந்திரி ஒட்டுக் கட்டுவது பற்றி 40 நிமிட வீடியோ போட்டிருக்கிறேன். போன மாதம் வரை நன்றாக ஓடியது, இப்போது பார்வை விழுந்துவிட்டது. மழைக்காலம் முடிந்தால் ஏறிவிடும் என்று விட்டுவிட்டேன். உங்களுக்கும் சீசன்தான் காரணமாக இருக்கும் அம்மா. தீபாவளி நெருங்கினால் தானாக ஏறும்.

கெடிலக்கரை

பண்ருட்டி அண்ணா, அவர் கேட்பது வேறு. பார்வை எண்ணிக்கை விழவில்லை. வந்தவர்கள் வீடியோவுக்குள் எந்த இடத்தில் கழன்றுகொள்கிறார்கள் என்பதுதான் கேள்வி. உங்கள் வீடியோவுக்குப் பிறகு வருகிறேன்.

அக்கா, நான் பயிற்சி நிலையங்களுக்குப் பாட வீடியோ எடிட் செய்து கொடுக்கிறவன். உங்கள் வீடியோவை முதல் 25 நிமிடம் பார்த்தேன். கிராஃபில் இறக்கம் என்று ஒரே பெயரில் நாம் சொல்வது இரண்டு வேறு விஷயங்கள். கோடு இறங்கி, கொஞ்ச தூரம் போய், மறுபடி ஏறினால் பார்க்கிறவர் அந்தப் பகுதியைத் தாண்டிக் குதித்திருக்கிறார். வீடியோவில்தான் இருக்கிறார். இறங்கிய கோடு ஏறவே இல்லை என்றால் ஆள் கிளம்பிவிட்டார். உங்கள் 6 முதல் 8 நிமிட இறக்கத்தில் இரண்டும் கலந்திருக்கிறது. 14 புள்ளி விழுந்தது. பிறகு 19க்கும் 20க்கும் நடுவே 5 புள்ளி திரும்பி வந்தது.

அந்த இரண்டு இடத்திலும் திரையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 6:10இல் ஒரு பெண்ணை நிற்க வைத்து டேப்பால் மார்பு, இடுப்பு, தோள், ஆர்ம்ஹோல் சுற்றளவு என்று எடுக்க ஆரம்பிக்கிறீர்கள். 19 நிமிடம் வரை அதுதான். 19:00க்குத்தான் பழைய பிளவுஸ் ஒன்றை மேசையில் விரித்து அதிலிருந்து அளவு எடுக்கிறீர்கள். ஆனால் டிஸ்கிரிப்ஷனின் முதல் வரி என்ன சொல்கிறது? அளவு பிளவுஸ் இருந்தால் போதும் என்கிறது. அதை நம்பி வந்தவர் 6:10இல் டேப்பைப் பார்க்கிறார். சாப்டரில் "அளவுகள்" என்று மட்டும் இருப்பதால் அவர் தேடுவது 13 நிமிடம் தள்ளி இருக்கிறது என்று தெரிய வழியே இல்லை.

மணி சொன்னதில் பாதி சரி. போனில் டிஸ்கிரிப்ஷன் மூடித்தான் இருக்கும். ஆனால் டிஸ்கிரிப்ஷனில் எழுதும் சாப்டர் பெயர்கள் பிளேயரின் கோட்டிலேயே தெரியும். விரலால் இழுக்கும்போது அந்தப் பெயரைப் பார்த்துத்தான் எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்கிறார்கள். அதுவும் டிஸ்கிரிப்ஷன்தான்.

அரியாங்குப்பம் ஊசிநூல்

நான் இந்த வீடியோவைப் பார்த்துத்தான் லைனிங் கற்றுக்கொண்டேன், அதனால் சொல்கிறேன். வீட்டில் தைத்துக் கொடுக்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் யாரும் உடம்பில் அளவு கொடுப்பதில்லை. பையில் துணியும் ஒரு பழைய பிளவுஸும் வைத்துக் கொடுத்துவிட்டு, "இதே மாதிரி, கழுத்து மட்டும் அரை இன்ச் இறக்கம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். டேப் எடுக்கும் பகுதியை நான் விரலால் தள்ளித் தள்ளித்தான் தாண்டினேன். பழைய பிளவுஸ் கண்ணில் பட்டதும் நிறுத்தினேன்.

பைப்பிங்கில் எனக்கு வேறு பிரச்சினை. 1:34 வாக்கில் "மிச்சமிருக்கிற துணியில் கிராஸாக ஒன்றேகால் இன்ச் பட்டை வெட்டிக்கோங்க" என்கிறீர்கள். அதற்குள் எனக்குத் துணி மிச்சமே இல்லை. கையும் பட்டியும் வெட்டி, துண்டு துணிகளைக் கூட்டித் தள்ளியாகிவிட்டது. அன்றைக்கு வீடியோவை மூடிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சந்தையில் வேறு துணி வாங்கி வந்துதான் முடித்தேன்.

முதுநகர் தையல்

ஊசிநூல், நேரடி வகுப்பில் இது வரவே வராது. வெட்டும்போதே பட்டைத் துணியை ஓரமாக எடுத்து வையுங்கள் என்று வாயால் சொல்லிவிடுவேன். வீடியோவில் கழுத்துக்கு வந்த பிறகு சொல்லியிருக்கிறேன்.

கெடிலக்கரை தம்பி, டேப் பகுதி பற்றி நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் உடம்பு அளவு தெரியாமல் அளவு பிளவுஸை மட்டும் நம்பித் தைக்கக் கற்றவள், கொடுத்த பிளவுஸே தப்பாக இருந்தால் திணறிப்போவாள். அதனால்தான் வகுப்பில் எப்போதும் உடம்பு அளவுதான் முதலில். அதைத் தூக்க எனக்கு மனசில்லை.

லாஸ்பேட்டை நிரல்

ஆட்கள் குதிக்கிறார்களா, கிளம்புகிறார்களா என்று ஊகிக்க வேண்டியதில்லை. யூடியூப் அனலிடிக்ஸ் ஏபிஐயில் இரண்டும் தனித்தனியாக வரும். புரோகிராம் எழுதத் தெரிய வேண்டாம், கூகுளின் ஏபிஐ பக்கத்திலேயே நிரப்பி ஓட்டிப் பார்க்கலாம். சேனல் வைத்திருக்கும் கணக்கில் உள்நுழைந்து இப்படிக் கொடுங்கள்:

```
ids=channel==MINE
dimensions=elapsedVideoTimeRatio
metrics=audienceWatchRatio,startedWatching,stoppedWatching
filters=video==VIDEO_ID
```

கூடவே startDate, endDate இரண்டையும் கொடுக்க வேண்டும். வீடியோவை நூறு துண்டாகப் பிரித்துத் தரும். உங்கள் நீளத்துக்கு ஒரு துண்டு ஏறக்குறைய 65 வினாடி. `startedWatching` என்றால் அந்தத் துண்டில்தான் பார்க்கத் தொடங்கியவர்கள், `stoppedWatching` என்றால் அதோடு நிறுத்தியவர்கள். நடுவில் விரலால் இழுத்துக் குதிப்பது இரண்டிலும் சேராது.

கெடிலக்கரை

அருமை. இதையே நான் சொல்ல நினைத்தேன். ஒரு எச்சரிக்கை மட்டும்: ஒரு துண்டு 65 வினாடி என்பதால் "இந்த வாக்கியத்தைச் சொன்னதும் போய்விட்டார்கள்" என்ற அளவுக்கு இதில் பார்க்க முடியாது. எந்தச் செயல் நடக்கும்போது என்று மட்டும்தான் சொல்லலாம். நீண்ட பாடத்துக்கு அதுவே போதும்.

முதுநகர் தையல்

என் மகள் ஓட்டிக் கொடுத்தாள். கடைசி மூன்று மாதத்துக்கு எடுத்தோம். மொத்தப் பார்வை சுமார் 4,000.

முதல் துண்டில் தொடங்கியவர்கள் 3,350. டேப் பகுதியின் முதல் இரண்டு மூன்று துண்டுகளில் நிறுத்தியவர்கள் 360. 19, 20 நிமிடத் துண்டுகளில் புதிதாகத் தொடங்கியவர்கள் ஏறக்குறைய யாருமில்லை. 1:07இல் நிறுத்தியவர்கள் 120, அங்கே தொடங்கியவர்கள் 95. கை ஏற்றும் துண்டில் தொடங்கியவர்கள் 410. மற்றவர்கள் ஆங்காங்கே சிதறியிருக்கிறார்கள்.

இதை எப்படி எடுத்துக்கொள்வது?

கெடிலக்கரை

இப்போது கதை தெளிவாகிறது. ஒவ்வொன்றாகப் போவோம், அவசரமில்லை.

முதலில் இன்ட்ரோ. 30 வினாடியில் 68 சதவீதம் என்பது 4,000இல் 68, அதாவது 2,720 பேர். ஆனால் 650 பேர் வீடியோவின் தொடக்கத்தைப் பார்க்கவே இல்லை, வேறு இடத்தில் நேராக நுழைந்தவர்கள். தொடக்கத்தில் வந்த 3,350 பேரில் 2,720 பேர் தங்கியிருக்கிறார்கள். அது 81 சதவீதம். மணி சொன்ன அளவுக்கு இன்ட்ரோ மோசமில்லை. பொருட்களைக் காட்டும் பகுதியைச் சுருக்கலாம், தப்பில்லை. ஆனால் நோய் அங்கே இல்லை.

அடுத்து டேப். 47இலிருந்து 33க்கு விழுந்தது 14 புள்ளி, ஆள் கணக்கில் 560. அதில் நிறுத்தியவர்கள் 360. மீதி 200 பேர் குதித்தவர்கள். 20வது நிமிடத்தில் ஏறிய 5 புள்ளியும் அதே 200தான், அங்கே புதிதாகத் தொடங்கியவர்கள் இல்லையே. ஊசிநூல் அக்கா விரலால் தள்ளினேன் என்றார் அல்லவா, அந்தக் கூட்டம் இது. எண்கள் இவ்வளவு கச்சிதமாக எப்போதும் பொருந்தாது, யார் குதித்தார் என்று பெயர் எழுதியும் வராது. ஆனாலும் திசை இதுதான். கிளம்பிப்போன 360 பேரில் பலர் தேடியதும் அளவு பிளவுஸ்தான் என்று நினைக்கிறேன். அவர்களுக்கு எங்கே குதிப்பது என்று தெரியவில்லை.

1:07 இறக்கத்தைத் தொடாதீர்கள். துணி வெட்டி முடிந்த இடம் அது. 120 பேர் நிறுத்துகிறார்கள், 95 பேர் அங்கிருந்தே தொடங்குகிறார்கள். வெட்டி வைத்துவிட்டு மறுநாள் வந்து விட்ட இடத்திலிருந்து பார்க்கிறவர்கள் இதில் நிறையப் பேர் இருப்பார்கள். கூடவே தைக்கிற பாடத்தில் இது ஆரோக்கியமான இறக்கம். இதைச் சரி செய்கிறேன் என்று வெட்டும் பகுதியில் சுவாரசியம் சேர்க்கப்போனால் இருப்பதும் கெடும்.

கை ஏற்றும் இடத்தில் 410 பேர் வெளியிலிருந்து நேராக வருகிறார்கள். தேடலிலிருந்தும் வரலாம், யாரோ வாட்ஸ்அப்பில் நேரத்தோடு அனுப்பிய லிங்கிலிருந்தும் வரலாம். அதற்காக அந்தச் சாப்டரை முன்னால் வைக்க முடியாது. வெட்டாத பிளவுஸில் கை எப்படி ஏற்றுவது? சாப்டர் வரிசையை மாற்றும்போது கிராஃப் சொல்வதை மட்டும் கேட்கக் கூடாது, துணி சொல்வதையும் கேட்க வேண்டும். எந்த வேலை எதற்கு முன் முடிந்திருக்க வேண்டும் என்று தாளில் எழுதிப் பாருங்கள். இடம் மாறக்கூடியவை இரண்டுதான். ஒன்று உடம்பு அளவு, அது அளவு பிளவுஸுக்குப் பின்னாலும் வரலாம், தனி வீடியோவாகவும் போகலாம். இன்னொன்று கிராஸ் பட்டை வெட்டுவது, அது 1:34இலிருந்து 55:30 சாப்டருக்குள் போக வேண்டும். மற்றவை எல்லாம் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

பண்ருட்டி தோட்டம்

தம்பி, என் வீடியோவுக்கு வருகிறேன் என்றாயே. என்னுடையதிலும் ஒரு இடத்தில் கோடு மேலே ஏறியிருக்கிறது. ஒட்டுக்குச்சியை ஆப்பு மாதிரி சீவி, பிளந்த தண்டில் செருகிப் பாலிதீன் சுற்றும் இடம். மக்களுக்கு அது பிடித்திருக்கிறது என்று அந்தத் துண்டையே தனியாக வெட்டிப் போடப்போகிறேன்.

கெடிலக்கரை

அண்ணா, போடுமுன் அந்த இடத்தை ஒருமுறை போனில் பாருங்கள். நான் பார்த்தேன். கத்தி இறங்கும் நேரத்தில் உங்கள் இடது கை குச்சியை மறைக்கிறது. பிடித்ததால் திரும்பப் பார்க்கிறார்களா, தெரியாததால் திரும்பப் பார்க்கிறார்களா என்பதை ஏறிய கோடு சொல்லாது. `startedWatching` எடுத்துப் பாருங்கள். அங்கே புதிதாகத் தொடங்கியவர்கள் குறைவு என்றால் பின்னால் இழுத்துப் பார்ப்பவர்கள்தான். அப்படியானால் வேறு கோணத்தில் எடுத்துத்தான் போட வேண்டும்.

வில்லியனூர் மணி

சரி, இன்ட்ரோ விஷயத்தில் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் டேப் பகுதியை எடிட்டரில் வெட்டித் தள்ளிவிட்டால் ஐந்து நிமிட வேலைதானே? ஸ்டுடியோவிலேயே முடியும். எதற்கு இவ்வளவு பேச்சு?

கெடிலக்கரை

முடியும். ஸ்டுடியோ எடிட்டரில் நடுவில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தால் லிங்க், பார்வை எண்ணிக்கை, கமென்ட் எல்லாம் அப்படியே இருக்கும். ஆனால் அது வெட்ட மட்டும்தான் செய்யும், இடம் மாற்றாது. கிராஸ் பட்டையை முன்னால் கொண்டுவர வேண்டுமென்றால் புதிதாக எடிட் செய்து புது லிங்கில்தான் ஏற்ற வேண்டும். பழைய வீடியோவின் மேல் புதியதை வைக்க வழியில்லை.

வெட்டினால் இன்னொரு வேலையும் வரும். 6:10 முதல் 19:00 வரை எடுத்தால் 12 நிமிடம் 50 வினாடி போகிறது. பின்னால் உள்ள எல்லா நேரத்திலும் அதைக் கழிக்க வேண்டும். 24:40 என்பது 11:50 ஆகும். கை ஏற்றுதல் 1:21:20 இருந்தது 1:08:30 ஆகும். டிஸ்கிரிப்ஷனில் நாம் திருத்திவிடலாம். கமென்ட்டில் பார்த்தவர்கள் எழுதிய நேரங்களையும், வாட்ஸ்அப்பில் சுற்றும் லிங்குகளையும் யார் திருத்துவது? அந்த 410 பேரில் ஒரு பகுதி அப்படித்தான் வருகிறார்கள் என்றால் அவர்கள் கழுத்து பைப்பிங்கின் நடுவில் போய் விழுவார்கள்.

அதனால் என் யோசனை, முதலில் எழுத்தை மட்டும் மாற்றுங்கள். வீடியோவைத் தொடாதீர்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் எது வேலை செய்தது என்றே தெரியாது. டிஸ்கிரிப்ஷன் இப்படி இருக்கலாம்:

```
பழைய அளவு பிளவுஸை வைத்து பேப்பர் டிராஃப்ட் போட்டு,
லைனிங் வைத்த கிராஸ் கட் பிளவுஸ் வெட்டித் தைக்கும் பாடம்.
அளவு பிளவுஸ் இருந்தால் 19வது நிமிடத்துக்குப் போகவும்.
கட்டோரி, பிரின்சஸ் கட் இதில் இல்லை.
பைப்பிங்குக்கு கிராஸ் பட்டையைத் துணி வெட்டும்போதே
எடுத்து வைக்கவும் (எப்படி என்பது கழுத்து, பைப்பிங் சாப்டரில்).

0:00 தேவையான பொருட்கள்
6:10 உடம்பில் டேப் வைத்து அளவு எடுக்க
19:00 அளவு பிளவுஸிலிருந்து அளவு எடுக்க
24:40 பேப்பர் டிராஃப்ட்: பின்பக்கம்
```

மற்ற சாப்டர்கள் பழையபடி. கை ஏற்றுவதற்கு மட்டும் "கை ஏற்றுதல், சுருக்கம் வராமல்" என்று போடுங்கள். அங்கே 31இலிருந்து 20க்கு விழுவதற்கும் காரணம் தெரிகிறது. 1:22இல் "அதிகமாகக் குடைந்த பக்கம் முன்பக்கம் வரணும்" என்கிறீர்கள். கையில் முன்பக்கத்தைக் கூடுதலாகக் குடைவதை நீங்கள் காட்டியது அதற்கு ரொம்ப முன்னால், துணி வெட்டும்போது. நேராக 1:21இல் வந்தவருக்கு எந்தப் பக்கம் எது என்று தெரியாது. வலது கையை இடதில் ஏற்றிச் சுருக்கத்தோடு நிற்பவர்தான் இதைத் தேடி வருகிறார். அவருக்கு வெட்டும் இடத்தின் நேரத்தை ஒரு கமென்ட்டில் எழுதி, அதை எல்லாவற்றுக்கும் மேலே பின் செய்து வையுங்கள்.

வில்லியனூர் மணி

"கட்டோரி இதில் இல்லை" என்று நாமே எழுதினால் வருகிறவனும் போய்விடுவான். கடையில் என்ன இல்லை என்று பலகை வைப்பார்களா?

அரியாங்குப்பம் ஊசிநூல்

அதை எழுதினால் எனக்குச் சந்தோஷம்தான் தம்பி. பிரின்சஸ் கட் வரும் வரும் என்று ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு ஏமாந்த வீடியோக்கள் நிறைய உண்டு. அந்தச் சேனல் பக்கம் மறுபடி போவதில்லை.

லாஸ்பேட்டை நிரல்

மாற்றிய தேதியைக் குறித்து வையுங்கள். ஏபிஐயில் startDate அதற்கு மறுநாளிலிருந்து கொடுத்தால் பழைய ஆட்கள் கலக்க மாட்டார்கள். மொத்தக் கிராஃபையே பார்த்துக்கொண்டிருந்தால் பழைய 4,000 பேரின் கனத்தில் மாற்றம் தெரியவே தெரியாது. ரிடென்ஷன் தரவு வந்து சேரவும் ஓரிரு நாள் ஆகும்.

முதுநகர் தையல்

ஒரு மாதம் கழித்து வருகிறேன். எழுத்தை மட்டும் மாற்றினேன். மாற்றிய பிறகு வந்தவர்களுக்கு மட்டும் எடுத்த கணக்கு இது: 6வது நிமிடத்தில் 46. எட்டாவது நிமிடத்தில் 27. 20வது நிமிடத்தில் 38. பேப்பர் டிராஃப்ட் தொடங்கும் 24:40இல் 36, முன்பு அங்கே 27 இருந்தது. கை ஏற்றும் இடத்தில் பெரிய மாற்றமில்லை. பைப்பிங்கில் இரண்டு மூன்று புள்ளி கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

வில்லியனூர் மணி

எட்டாவது நிமிடத்தில் 33 இருந்தது 27 ஆகியிருக்கிறதே! முன்பைவிட மோசமாக அல்லவா விழுகிறது?

கெடிலக்கரை

பள்ளம் ஆழமாகத்தான் ஆகும் மணி, ஆக வேண்டும். முன்பு வழி தெரியாமல் டேப் பகுதியில் காத்திருந்தவர்களும் இப்போது நேராக 19:00க்குப் போகிறார்கள். பள்ளத்தின் அடியைப் பார்க்காதே, ஏறி வந்த கரையைப் பார். நூற்றில் 46 பேர் இறங்கி 38 பேர் ஏறியிருக்கிறார்கள். முன்பு 47 இறங்கி 29 ஏறினார்கள். நான் கவனிப்பது 24:40இல் உள்ள எண்ணைத்தான். டிராஃப்டுக்கு வந்து சேர்ந்தவர்தான் பாடத்துக்குள் வந்தவர்.

ஆனால் முழுக்க எழுத்து மாற்றத்தால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பண்ருட்டி அண்ணா முதலிலேயே சொன்ன சீசன் விஷயம் இங்கேதான் வருகிறது. தீபாவளிக்கு முந்தைய மாதம் வருகிறவர் கையில் துணியோடு வருகிறார், சும்மா பார்ப்பவர் குறைவு. அவர் எப்படியும் கொஞ்சம் அதிகமாகத்தான் தங்குவார். தை மாதத்தில் ஒருமுறை இதே கணக்கை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

பண்ருட்டி தோட்டம்

பார்த்தாயா, நான் சொன்னேன் அல்லவா!

முதுநகர் தையல்

அடுத்த வீடியோவை எப்படி எடுப்பது என்பதில்தான் இன்னும் குழப்பம். கிராஸ் பட்டையை வெட்டும் சாப்டருக்குள் வைக்கப்போகிறேன், அதில் சந்தேகமில்லை. கை ஏற்றும் சாப்டரின் தொடக்கத்தில் எது முன்பக்கம் என்று அரை நிமிடம் திரும்பக் காட்டிவிடுவேன். உடம்பு அளவைக் கடைசியில் வைப்பதா, தனி வீடியோவா என்று மட்டும் முடிவுக்கு வரவில்லை. கடைசியில் வைத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். தனியாகப் போட்டால் புதிதாகக் கற்கிறவள் அதைத் தேடிப் போவாளா?

கெடிலக்கரை

தனியாகப் போடுங்கள் என்பேன். ஒரு வீடியோ ஒரு வாக்குறுதியைக் காப்பாற்றினால் போதும். அளவு பிளவுஸ் காட்டும் இடத்தில் கார்டு வைத்து, "இந்த பிளவுஸே சரியாக உட்காரவில்லை என்றால்" என்று அங்கே அனுப்புங்கள். அப்போதுதான் அவருக்கு அது தேவைப்படும்.

அரியாங்குப்பம் ஊசிநூல்

எனக்கு இதில் உடன்பாடில்லை. கார்டை யார் தட்டுகிறார்கள்? ஒரே வீடியோவில் இருந்ததால்தான் நான் மூன்று மாதம் கழித்தாவது திரும்பிப் போய் டேப் பகுதியைப் பார்த்தேன். அளவு பிளவுஸே அக்குளில் இழுத்துக்கொண்டு நின்ற ஒரு கஸ்டமர் வந்தபோது அதுதான் உதவியது. கடைசியில் இருந்தாலும் பரவாயில்லை, உள்ளேயே இருக்கட்டும் அக்கா.

பண்ருட்டி தோட்டம்

நானும் சாப்டர் போட்டேன், வரவில்லை. 0:00 முதல் ஆறு நேரம் எழுதியிருக்கிறேன். என்ன காரணம்?

லாஸ்பேட்டை நிரல்

பார்த்தேன் அண்ணா. இரண்டாவது வரியில் 4.30 என்று புள்ளி வைத்திருக்கிறீர்கள், 4:30 என்று இருக்க வேண்டும். நான்காவதும் ஐந்தாவதும் முன்பின்னாக இருக்கின்றன, நேரம் ஏறுவரிசையில்தான் போக வேண்டும். ஒவ்வொரு சாப்டரும் குறைந்தது 10 வினாடி இருக்க வேண்டும், அது உங்களுக்குப் பிரச்சினையில்லை. திருத்திச் சேமித்துவிட்டு பக்கத்தை மறுபடி திறந்து பாருங்கள்.